ஆகஸ்ட் 31-ல் பிறந்த குழந்தை

இங்கிலாந்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒலித் தேர்வு என்று ஒரு சின்னத் தேர்வு நடக்கிறது. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையாகத் தனியே அழைத்து உட்காரவைத்து, 40 சொற்களைக் காட்டி வாசிக்கச் சொல்வார். அவற்றில் பாதிக்கு எந்த அர்த்தமும் கிடையாது. எழுத்தைக் கூட்டி ஒலிக்கத் தெரிகிறதா, அல்லது பழகிய சொல்லை மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பொய்ச் சொற்கள். குழந்தை குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் படம் போட்டிருக்கும். அந்தப் பிராணியின் பெயர் இது என்று சொல்லிவிடுவார்கள். வழக்கமாக 32 சொற்களைச் சரியாகச் சொன்னால் தேர்ச்சி.

2024 ஜூனில் இந்தத் தேர்வை எழுதிய ஒரே வகுப்பில் 2017 செப்டம்பர் 1 அன்று பிறந்த குழந்தையும் இருக்கலாம், 2018 ஆகஸ்ட் 31 அன்று பிறந்த குழந்தையும் இருக்கலாம். முதல் குழந்தைக்கு 6 வருடம் 9 மாதம். இரண்டாவதற்கு 5 வருடம் 9 மாதம். அதே 40 சொற்கள், அதே 32. தேர்ச்சி பெறாத குழந்தை அடுத்த ஜூனில், இரண்டாம் வகுப்பில், மறுபடி எழுத வேண்டும். அப்போது ஆகஸ்ட் குழந்தைக்கு வயது 6 வருடம் 9 மாதம். அதாவது செப்டம்பர் குழந்தை முதல்முறை எழுதியபோது இருந்த அதே வயதில்தான் இது இரண்டாம்முறை எழுதுகிறது. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் ஒன்று தேறிய குழந்தை, மற்றது மறுதேர்வு எழுதிய குழந்தை.

ஒரே வகுப்பில் வயதில் மூத்தவர்கள் முந்துவதையும் இளையவர்கள் பிந்துவதையும் ஆய்வாளர்கள் ‘சார்பு வயது விளைவு’ என்கிறார்கள். உலகில் பள்ளிகள் இருக்கும் இடமெல்லாம் இது இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எங்கோ ஒரு தேதியில் கோடு கிழித்துத்தானே ஆகவேண்டும்? கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தவர்கள் வகுப்பில் மூத்தவர்கள், அந்தப் பக்கம் விழுந்தவர்கள் கடைக்குட்டிகள். கோடையில் பிறந்ததுதான் குறையோ, குளிர்காலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்களோ என்று ராசிபலன் பாணியில் யோசிக்க இடமே இல்லை. இங்கிலாந்தில் கோடு செப்டம்பர் 1. எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் அது பிப்ரவரி கடைசிக்கு மாறிவிடுகிறது. அங்கே பிப்ரவரிப் பிள்ளைகள்தான் கடைக்குட்டிகள். ஜப்பானில் ஏப்ரல் 2-ஆம் தேதி முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் பின்தங்குகிறார்கள். கோடு நகர்ந்தால் பின்தங்கும் மாதமும் கூடவே நகர்கிறது.

இங்கிலாந்தில் இது எவ்வளவு தூரம் போகிறது என்று லண்டனில் உள்ள நிதியியல் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் அளந்திருக்கிறது. கிளேர் கிராஃபோர்டு, லொரெயின் டியர்டன், எல்லன் கிரீவ்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்களின் பெயர்கள் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் கணக்குப்படி, 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஐந்து பாடங்களில் நல்ல கிரேடு வாங்கும் வாய்ப்பு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு 6.4 சதவீதப் புள்ளி குறைவு. 18, 19 வயதில் பல்கலைக்கழகம் போகும் வாய்ப்பு சுமார் 2 சதவீதப் புள்ளி குறைவு. ஒரு மாதத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இன்னொரு மாதத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளோடு ஒப்பிட்டு வந்த சராசரி இது. பக்கத்து வீட்டு ஆகஸ்ட் பையன் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குவதை இது தடுக்காது.

இடைவெளி வயதோடு சுருங்குவதையும் கவனிக்க வேண்டும். அதற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அந்த ஒலித் தேர்வு நாளில் மூத்த குழந்தை வாழ்ந்திருப்பது 81 மாதம், இளையது 69 மாதம். மூத்தது ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதலாக உலகைப் பார்த்திருக்கிறது. 17 சதவீதம் கூடுதலாகப் பேச்சைக் கேட்டிருக்கிறது. இதே இருவரும் 16 வயதுத் தேர்வுக்கு வரும்போது கணக்கு 201 மாதம், 189 மாதம். வித்தியாசம் 6 சதவீதம்தான். கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இருவர் 2006-ல் பல நாடுகளின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டபோதும் இதுதான் தெரிந்தது: நான்காம் வகுப்பில் இளையவர்களுக்கு இருந்த சறுக்கல் எட்டாம் வகுப்பில் குறைந்திருந்தது. குறைந்திருந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை.

இந்தச் சறுக்கலுக்கு உண்மையான காரணம் எது என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆகஸ்ட் குழந்தை ஒரே சமயத்தில் மூன்று விதத்தில் வேறுபடுகிறது. தேர்வு எழுதும் நாளில் அதற்கு வயது குறைவு. பள்ளிக்குள் காலெடுத்து வைத்த நாளிலும் வயது குறைவு. நாலு வயது முடிந்த மறுநாளே பையை மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளும் உண்டு. மூன்றாவதாக, வகுப்பில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அதைவிடப் பெரியவர்கள். தேர்வு நாளின் வயதுதான் காரணம் என்றால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை, குழந்தை வளரும்போது சரியாகிவிடும். சீக்கிரம் சேர்த்ததுதான் காரணம் என்றால் சேர்க்கும் வயதை மாற்ற வேண்டும். பெரியவர்கள் நடுவே சிறியதாக இருப்பதுதான் காரணம் என்றால் வகுப்பறைக்குள்ளேயே எதையாவது மாற்ற வேண்டும். மூன்றும் ஒன்றாகவே வருவதால், பள்ளித் தேர்வு மதிப்பெண்களை எத்தனை லட்சம் சேர்த்து வைத்துக்கொண்டாலும் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது.

பிரிக்க உதவியது பிரிஸ்டல் நகரம். 1991, 1992 ஆண்டுகளில் பிரிஸ்டலிலும் சுற்றுவட்டாரத்திலும் கர்ப்பமாக இருந்த சுமார் 14,000 பெண்களைச் சேர்த்து ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கப்பட்டது. ‘தொண்ணூறுகளின் பிள்ளைகள்’ என்று அதற்குச் செல்லப் பெயர். அங்கே பிறந்த குழந்தைகளை அவ்வப்போது ஆய்வகத்துக்கு அழைத்து உயரம், எடை, பார்வை, வாசிப்பு, அறிவுத்திறன் எல்லாம் பார்த்தார்கள். அழைத்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது: பள்ளிக் காலண்டரைப் பார்த்து அழைக்கவில்லை, அந்தந்தக் குழந்தையின் பிறந்தநாளை ஒட்டி அழைத்தார்கள். ஆகவே ஆகஸ்ட் குழந்தையும் செப்டம்பர் குழந்தையும் ஆய்வகத் தேர்வை ஏறத்தாழ ஒரே வயதில் எழுதினார்கள். அதே பிள்ளைகள் பள்ளியில் எழுதிய அரசுத் தேர்வுகளின் மதிப்பெண்களும் கையில் இருந்தன. அந்தத் தேர்வுகளை எல்லாரும் ஒரே நாளில், வெவ்வேறு வயதில் எழுதியிருந்தார்கள்.

ஆக, ஒரே பிள்ளைகளுக்கு இரண்டு விதமான அளவுகோல் கிடைத்துவிட்டது. பள்ளித் தேர்வில் மூன்று காரணங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆய்வகத் தேர்வில் முதல் காரணம் இல்லை, மற்ற இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் காரணத்தின் பங்கு தானாக வெளியே வந்துவிடும். கிராஃபோர்டும் மற்ற இருவரும் 2013-ல் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. பள்ளித் தேர்வில் தெரிந்த இடைவெளியின் பெரும்பகுதி தேர்வு நாளின் வயதால் வந்தது. சீக்கிரம் பள்ளிக்குப் போனதும் வகுப்பில் இளையவராக இருந்ததும் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யவில்லை.

நார்வேயிலிருந்து வேறொரு வழியில் இதே பதில் வந்திருந்தது. அங்கே 18 வயதை ஒட்டி இளைஞர்களுக்கு ராணுவம் அறிவுத்திறன் தேர்வு வைக்கிறது. தேர்வுக்கு வருகிறவர்களின் வயதும் பள்ளியில் சேர்ந்த வயதும் எப்போதும் ஒட்டிக்கொண்டே போவதில்லை என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க முடிந்தது. தேர்வு நாளின் வயதுக்குத்தான் பெரிய பங்கு. சீக்கிரம் பள்ளியில் சேர்ந்ததால் நஷ்டம் இல்லை, சொல்லப்போனால் துளி லாபமே இருந்தது என்று 2011-ல் சான்ட்ரா பிளாக், பால் டெவரோ, ஷெல் சால்வானெஸ் மூவரும் எழுதினார்கள். நாலு வயதில் பள்ளிக்கு அனுப்பிவிட்டோமே என்று நொந்துகொள்ளும் பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி.

ஆனால் பிரிஸ்டல் ஆய்வில் ஒரு கணக்கு மட்டும் இப்படி நேராகவில்லை. படிப்பில் உன்னைப் பற்றி நீயே என்ன நினைக்கிறாய் என்று குழந்தைகளிடம் கேட்டிருந்தார்கள். அந்தப் பதில்களில் ஆகஸ்ட் பிள்ளைகள் தங்களைக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். ஒரே வயதில் கேட்டபோதும் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். அதாவது செப்டம்பர் குழந்தைக்குச் சமமாக வாசிக்கத் தெரிந்த வயதிலும் ஆகஸ்ட் குழந்தை ‘எனக்குப் படிப்பு அவ்வளவாக வராது’ என்று நினைத்துக்கொண்டிருந்தது. மதிப்பெண் இடைவெளிக்கு வயது காரணம். இந்த எண்ணத்துக்கு வயது காரணமில்லை. அது வகுப்பறையில் கற்றுக்கொண்டது.

எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பார்க்க ஆங்கிலேயத் தொடக்கப் பள்ளி வகுப்பறை ஒன்றுக்குள் நுழைய வேண்டும். பிள்ளைகள் வரிசையாக உட்கார மாட்டார்கள். ஐந்தாறு பேர் கொண்ட மேசைகள் இருக்கும். பல பள்ளிகளில் வாசிப்புக்கும் கணக்குக்கும் திறனுக்குத் தகுந்தபடி மேசை பிரிப்பார்கள். மேசைகளுக்கு வண்ணத்தின் பெயரோ விலங்கின் பெயரோ வைத்திருப்பார்கள். எந்த மேசை கெட்டிக்கார மேசை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். டாமி கேம்ப்பெல் என்ற ஆய்வாளர், 2000-ஐ ஒட்டிப் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளைத் தொடர்ந்து வந்த ஆய்வின் தரவுகளை எடுத்து, ஏழு வயதுப் பிள்ளைகளை ஆசிரியர்கள் எப்படி மதிப்பிட்டார்கள் என்று 2014-ல் அலசினார். திறன்வாரியாக மேசை பிரித்த வகுப்புகளில், பிரிக்காத வகுப்புகளைவிட, ஆசிரியர் மதிப்பீட்டில் பிறந்த மாதத்தின் தாக்கம் கூடுதலாக இருந்தது. முதல் வாரத்தில் கடைசி மேசையில் உட்கார்ந்த குழந்தைக்கு எளிய புத்தகம் கிடைக்கும். எளிய புத்தகம் வாசிக்கும் குழந்தையைப் பார்க்கும் ஆசிரியருக்கு அதன் திறமை அவ்வளவுதான் என்று படும்.

இதை ஆசிரியரின் குற்றம் என்று சொல்வது அநியாயம். முப்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது யாருடைய பிறந்தநாள் எது என்று நினைவில் வராது. எதிரில் தெரிவது திக்கித் திணறி வாசிக்கும் ஒரு குழந்தைதான். இருந்தாலும் அதன் விளைவு சின்னதல்ல. ஏழு வயதில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ‘சராசரிக்குக் கீழ்’ என்று ஆசிரியரால் குறிக்கப்படும் வாய்ப்பு, செப்டம்பர் பிள்ளைகளைவிட ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு இரண்டரை முதல் மூன்றரை மடங்கு. 11 வயதுக்குள் லேசான ‘சிறப்புக் கல்வித் தேவை’ உள்ளவர் என்ற முத்திரை விழும் வாய்ப்பும் 5.4 சதவீதப் புள்ளி அதிகம். கற்றல் குறைபாடு ஆகஸ்ட் மாதம் பார்த்துப் பிறப்பதில்லை. ஆகவே அந்த முத்திரை விழுந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் இருந்தது குறைபாடு அல்ல, வயதுக் குறைவு.

மருத்துவர் அறையிலும் இதே கதை நடப்பதை அமெரிக்கத் தரவுகள் காட்டின. ஓரிடத்தில் உட்காராமை, கவனம் சிதறுதல் போன்ற அறிகுறிகளை வைத்துக் கண்டறியும் ஏ.டி.ஹெச்.டி. கோளாறைப் பற்றி 2018-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செப்டம்பர் 1-ஐக் கோடாக வைத்திருக்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த 10,000 குழந்தைகளில் 85 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாகப் பதிவாகியிருந்தது. செப்டம்பரில் பிறந்தவர்களில் சுமார் 64 பேருக்கு. அந்தக் கோடு இல்லாத மாநிலங்களில் இந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவே அப்படியொரு வித்தியாசம் தென்படவில்லை. ஐந்து வயதுக்காரன் ஆறு வயதுக்காரர்கள் நடுவே நெளிந்தால் அது நோயாகத் தெரிகிறது. ஐந்து வயதுக்காரர்கள் நடுவே நெளிந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தக் கோளாறுக்குத் தரும் மருந்துகள் பசியையும் தூக்கத்தையும் பாதிக்கக் கூடியவை என்பதால் இது வெறும் பதிவேட்டுப் பிழை அல்ல.

மதிப்பெண் விஷயத்தில் காரணம் தெரிந்துவிட்டதால் மருந்தும் எளிதுதான்: மதிப்பெண்ணை வயதுக்குத் தகுந்தபடி திருத்திவிட வேண்டும். இங்கிலாந்துக்கு இது புதிதும் அல்ல. கிராமர் பள்ளிகள் என்ற தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளிகளுக்கான ‘லெவன் பிளஸ்’ நுழைவுத் தேர்வில் வெகுகாலமாக நடப்பதுதான். ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில், பல இடங்களில் செப்டம்பரிலேயே, இந்தத் தேர்வு நடக்கிறது. அன்றைக்குச் செப்டம்பர் பிள்ளைக்கு 11 வயது. ஆகஸ்ட் பிள்ளைக்குப் பத்துதான். வினாத்தாள் தயாரிப்பவர்கள் எழுதியவர்களை வயது மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதினருக்கும் சராசரியைத் தனியே கணக்கிடுவார்கள். அந்தச் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற மதிப்பெண்களை அதைச் சுற்றி அடுக்குவார்கள். உதாரணத்துக்கு, சரியாக 11 வயதானவர்களின் சராசரி 56 என்றும் 10 வயதானவர்களின் சராசரி 50 என்றும் வைத்துக்கொண்டால், 53 வாங்கிய மூத்த பிள்ளையின் திருத்திய மதிப்பெண் 100-க்குக் கீழே போகும், அதே 53 வாங்கிய இளைய பிள்ளையுடையது 100-ஐத் தாண்டும். சின்ன வயதிலேயே இவ்வளவு செய்த குழந்தை நாளைக்கு இன்னும் செய்யும் என்ற தர்க்கம்.

ஆறு வயது ஒலித் தேர்வுக்கு இந்தத் திருத்தம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே வெட்டுக்கோடுதான். ஜி.சி.எஸ்.இ.-க்கும் கிடையாது. சின்ன வயதுத் தேர்வுகளில் தேர்ச்சிக் கோட்டை வயதுக்குத் தகுந்தபடி மாற்றினால் பெருமளவு அநியாயம் தீரும் என்று 2013 ஆய்வு வாதிட்டது. தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம்கூட அதோடு மாறக்கூடும் என்றும் அவர்கள் நினைத்தார்கள். நீ உன் வயதுக்குச் சரியாகத்தான் வாசிக்கிறாய் என்று ஒரு குழந்தைக்கும் அதன் ஆசிரியருக்கும் வருடா வருடம் சொல்லப்பட்டால் கடைசி மேசை அவ்வளவு நிரந்தரமாக இருக்காது. மறுபக்கத்தில் ஒரு நியாயமான தயக்கமும் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது வயதைத் திருத்தியதால் மாறிவிடாது. இன்றைக்கு அதற்கு உதவி தேவைப்படுகிறது. 16 வயதில் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் முதலாளிக்கு இந்தப் பையனுக்குக் கணக்கு தெரியுமா என்பதுதான் வேண்டும், அவன் வயதுக்கு எவ்வளவு தெரியும் என்பது வேண்டாம். அதனால் யாருக்கு உதவி தேவை என்று பார்க்கும்போது திருத்தாத மதிப்பெண்ணையும், யார் திறமையானவர் என்று முடிவு கட்டும்போது திருத்திய மதிப்பெண்ணையும் பார்ப்பதே சரியாகப் படுகிறது. இரண்டு எண்களை அருகருகே அச்சிடுவது ஒன்றும் முடியாத காரியமில்லை.

பெற்றோர்கள் பெரும்பாலும் கேட்பது இதையல்ல, பிள்ளையை ஒரு வருடம் கழித்துச் சேர்க்க முடியுமா என்பதை. இங்கிலாந்துச் சட்டப்படி குழந்தைக்கு ஐந்து வயது முடிந்த பிறகு வரும் பருவத்தில்தான் பள்ளி கட்டாயம். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்த குழந்தைகளை ‘கோடைப் பிள்ளைகள்’ என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். இவர்களை ஓராண்டு தள்ளி, முதலாம் வகுப்புக்கு முந்தைய ‘ரிசப்ஷன்’ வகுப்பிலேயே சேர்க்கும்படி பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது உரிமையில்லை, வேண்டுகோள்தான். முடிவு சேர்க்கை அதிகாரிகளின் கையில். மறுத்துவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளை ரிசப்ஷனைத் தாண்டி நேரே முதலாம் வகுப்பில் போய் உட்கார வேண்டிவரும். அது முதலில் இருந்ததைவிட மோசம். 2015 செப்டம்பரில் அன்றைய பள்ளித் துறை அமைச்சர் நிக் கிப், பெற்றோர் விரும்பினால் கோடைப் பிள்ளைகள் ஓராண்டு தள்ளி ரிசப்ஷனில் சேரும்படி விதியை மாற்ற உத்தேசம் என்று பகிரங்கமாக எழுதினார். அதற்குப் பின்னும் விண்ணப்பிக்கும் முறையே தொடர்கிறது.

பரவலாகத் தள்ளிப்போடுவதில் வேறு சங்கடமும் உண்டு. ஒரு வருடம் கூடுதலாகக் குழந்தைக் காப்பகத்துக்கோ வீட்டோடு இருக்கும் பெற்றோருக்கோ யாராவது செலவு செய்ய வேண்டும். வசதியுள்ள வீடுகளில் முடியும். வசதியில்லாத வீட்டு ஆகஸ்ட் குழந்தை, ஓராண்டு தள்ளிச் சேர்ந்தவர்களும் சேர்ந்துவிட்ட வகுப்பில், முன்னைவிடச் சின்னக் குழந்தையாக உட்கார்ந்திருக்கும்.

பிறந்த தேதியைப் பார்க்காமல் வளர்ச்சியைப் பார்த்துச் சேர்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய வழிதான். பிறப்புச் சான்றிதழ் அரிதாக இருந்த காலத்தில் தமிழகத்துக் கிராமத் தலைமையாசிரியர்கள், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் சேர்க்கை, தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. சிறு குழந்தைகளுக்கு உடலைவிடத் தலை பெரிதாகவும் கை குட்டையாகவும் இருப்பதால் அந்தச் சோதனை ஓரளவு வேலை செய்தது. சேர்த்த பிறகு பதிவேட்டில் ஒரு தேதி எழுதியாக வேண்டுமே. பள்ளி திறப்பை ஒட்டிய மே, ஜூன் மாதங்களில் ஏதோ ஒன்றை ஆசிரியரே போட்டுவிடுவார். அந்தத் தலைமுறையில் பலருடைய சான்றிதழ் பிறந்தநாள் இப்படி வந்ததுதான். அப்படிப்பட்ட பதிவேடுகளை வைத்துக்கொண்டு ஆகஸ்ட், செப்டம்பர் ஆய்வைச் செய்யவே முடியாது.

வளர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் கிராஃபோர்டு குழுவினர் பார்த்தார்கள். வேலைக்குப் போன பிறகு சம்பளத்திலோ வேலை கிடைப்பதிலோ ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. மேலதிகாரிக்கு ஊழியர் பிறந்த மாதம் எதற்கு? வேலையில் வயதுவாரியாக வகுப்பு கிடையாது, ஒரே நாளில் எல்லாரும் எழுதும் தேர்வும் கிடையாது. பள்ளி முடிந்ததும் கோடு அழிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே நின்றுவிட்ட அந்த 2 சதவீதப் புள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், அது அழிவதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது.